இரண்டு ராத்திரி

எங்கள் குடியிருப்பின் காவலாளிக்குத் தங்கை மகள் காதுகுத்து. திண்டிவனம் பக்கம் குலதெய்வக் கோயில், ஞாயிறு காலை ஏழு மணி. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைப்பார்கள். இவர் இல்லாமல் நடக்காது.

ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று டூட்டி மாறும். அது இரவு வாரம். "ஞாயிறு, திங்கள் லீவு வேணும் சார்" என்று சூப்பர்வைசரிடம் கேட்கப்போவதாகச் சொன்னார்.

"அப்படிக் கேட்காதீங்க தம்பி" என்றேன். சனி இரவு எட்டு மணிக்கு ஏறும் டூட்டி ஞாயிறு காலை எட்டுக்குத்தான் முடியும். சார்ட்டில் அது சனிக்கிழமைக் கணக்கு. லீவு கிடைத்தும் காதுகுத்து போய்விடும்.

இரவு டூட்டிக்காரர் தேதியைச் சொல்லாமல் ராத்திரியைச் சொல்லிக் கேட்க வேண்டும். "சனி ராத்திரி, ஞாயிறு ராத்திரி வரமாட்டேன். திங்கள் ராத்திரி எட்டுக்கு வந்துடுவேன்" என்று எழுதச் சொன்னேன். விடுவது இரண்டு டூட்டிதான். கையில் கிடைப்பது சனி காலை எட்டிலிருந்து அறுபது மணி நேரம்.

சூப்பர்வைசரின் கவலை வேறு. மாற்று ஆள் வராவிட்டால் பகல்காரரே இருபத்துநாலு மணி நேரம் நிற்க வேண்டும். அதனால் பக்கத்துக் கட்டட நண்பரிடம் முன்பே பேசி, அவர் பெயரையும், பதிலுக்கு இவர் பார்க்கப்போகும் இரண்டு இரவுகளையும் அதே தாளில் எழுதினார். அடுத்த வாரச் சார்ட் போடும் முன்பே கொடுத்தார்.

சம்பளம் இரண்டு நாள் பிடித்தம்தான். லீவு கிடைத்தது.