அச்சிடாத அச்சு விசை

வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத்துப் பிரவுசிங் சென்டர் ஒன்றில் தேர்வுக் கட்டணம் செலுத்துபவருக்கு, பணம் சேர்ந்ததையும் பரிவர்த்தனை எண்ணையும் காட்டும் கடைசிப் பக்கமே ரசீது. அதை ஸ்கிரீன்ஷாட்டாக, அதாவது திரையில் உள்ளதை உள்ளபடியே படமாக, எடுத்து வைப்பதற்குப் பலரும் நம்புவது விசைப்பலகையின் Print Screen என்ற விசையைத்தான். 1981-இல் வந்த ஐபிஎம் தனிக்கணினியில் இவ்விசை, Shift உடன் சேர்ந்து, திரையின் எழுத்துகளை அச்சுப்பொறிக்கே அனுப்பியது. விண்டோஸில் பெயர் மட்டும் தங்கிவிட, அச்சும் இல்லை, கோப்பும் இல்லை. படம் கிளிப்போர்டு எனப்படும் தற்காலிக நினைவிடத்துக்குச் செல்கிறது.

அந்த இடத்தில் கடைசியாக நகலெடுத்த ஒன்றே நிற்கும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. விசையை அழுத்தியவர், திரையில் எந்த அசைவும் தெரியாதபோதும் படம் பதிவாகிவிட்டதென்று எண்ணி, அடுத்ததாக விண்ணப்ப எண்ணை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், அந்த எண் படத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்துவிடும். முந்தைய நகல்களைக் காட்டும் Windows+V வசதி, முன்னரே இயக்கி வைத்திருந்தால் மட்டுமே கைகொடுக்கும். இதற்கு மாறாக Windows+Print Screen அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கி மீள்கிறது. படம் கோப்பாகிவிட்டதற்கு அதுவே அடையாளம், Pictures கோப்புறைக்குள் Screenshots என்ற உறையில் அது கிடக்கும். தேவையான பகுதியை மட்டும் வெட்டியெடுக்க Windows+Shift+S உண்டு. விண்டோஸ் 11-இன் பிந்தைய பதிப்புகளில் தனி Print Screen விசையே இந்த வெட்டும் கருவியைத் திறப்பதால், ஒரே விசை பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் வெவ்வேறாக நடந்துகொள்வது பயனாளரின் பிழையன்று.

கோப்பாகும் படத்துக்கு வேறொரு தொல்லை உண்டு: அது கடைக்காரரின் கணினியில், அடுத்து அமர்பவரின் கைக்கெட்டும் தொலைவில், பிறந்த தேதியோடும் கைபேசி எண்ணோடும் இருக்கிறது. Delete விசை அதைக் குப்பைத்தொட்டிக்கு மாற்றுவதோடு சரி. Shift+Delete அழுத்தினால் அங்கே போகாமலே மறையும்.

கட்டணப் பக்கம் சுற்றிச் சுற்றி நின்றுவிடும்போது அதைக் காணொளியாகப் பதிய Windows+Alt+R பயன்படும் எனினும், அது செயலில் உள்ள ஒரு சாளரத்தை மட்டுமே பதிவதால், பிரவுசரிலிருந்து வேறு செயலிக்குத் தாவினால் அந்தப் பகுதி காணொளியில் இராது.

கைபேசியில் பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்துவது ஆண்ட்ராய்டின் பொதுவழி. ஆயினும் சில வங்கிச் செயலிகள் தம் திரையைப் பாதுகாக்கப்பட்டதாகக் குறித்துவிடுவதால், படம் மறுக்கப்படும். திரைப்பதிவிலோ அந்தப் பகுதி கறுப்பாகவே வரும். இது கைபேசியின் கோளாறு எனக் கருதி மீண்டும் மீண்டும் அழுத்துவது வீண். வங்கியிடம் முறையிடும்போது கேட்கப்படுவது யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண்; அதை ஒரு தாளில் பேனாவால் எழுதிக்கொண்டாலும் செல்லும்.