தொட்டி ஒரு கணக்கு, பம்ப் வேறு கணக்கு

15 மாடி, 60 வீடுகள். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 32,400 லிட்டர். தரைத்தொட்டிக்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. குழாய்நீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருவென்றால் இரண்டு நாள் இருப்பு வேண்டும். தினமும் வந்தால் ஒரு நாள் போதும். "இருக்கட்டுமே" என்று நான்கு நாளுக்குக் கட்டினால் தேங்கிய நீரில் குளோரின் குறைந்துபோகும், அடியில் வண்டல் சேரும். எனக்கு இது பெரிய கவலை.

ஆனால் பம்ப்பை இந்தச் சராசரியால் தேர்ந்தெடுக்கவே கூடாது. 24 மணி நேரத்துக்கு வகுத்தால் நிமிடத்துக்கு 22.5 லிட்டர்தான். காலை ஏழு மணிக்கு 25 குழாய்கள் ஒன்றாகத் திறந்திருந்தால், குழாய்க்கு 8 லிட்டர் வீதம் 200 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் பம்ப் இரண்டு, மாற்றாக ஒன்று வைப்பேன்.

அழுத்தம்: உயரம் 45 மீட்டர், உராய்வுக்கு 6, மேல்மாடிக் குழாயில் மிஞ்ச வேண்டியது 15, மொத்தம் 66 மீட்டர், சுமார் 6.5 பார். அதே அழுத்தம் கீழ்மாடிக் குழாய்களைப் பதம்பார்க்கும். அழுத்தக் குறைப்பு வால்வு அங்கே கட்டாயம்.