ஒரே கட்டடம், இரண்டு நோட்டீஸ்

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. அன்று மதியம் வங்கக் கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக மாறி, ஃபெஞ்சல் என்று பெயர் பெற்றது. சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் மறுநாள் பள்ளி, கல்லூரி விடுமுறை என்று அரசு அறிவித்தது. ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லுமாறு அறிவுறுத்தியது.

அப்போது நான் தி. நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மாலை ஆறு மணிக்கு மெயில் வந்தது. 'அனைத்து ஊழியர்களுக்கும்' என்று தலைப்பு. நாளை யாரும் அலுவலகம் வர வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள், நேரம் பத்து முதல் ஆறு வரை, மின்சாரம் போனால் மேலாளருக்கு ஒரு குறுஞ்செய்தி போதும், வருகைப் பதிவில் பாதிப்பு இருக்காது என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரி, 'உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம்.'

அதே கட்டடத்தில் என் பெரியம்மா மகளும் வேலை செய்கிறார். கான்ட்ராக்ட் ஹவுஸ்கீப்பிங். எங்கள் குடும்பங்கள் மயிலாப்பூர் பக்கம் ஒரே குடிசைப் பகுதியில் இருந்தவை. அவர்களைக் கண்ணகி நகருக்கு அனுப்பினார்கள். நாங்கள் எப்படியோ நகரத்துக்குள்ளேயே வாடகைக்கு ஒட்டிக்கொண்டோம். அன்றிரவு அக்காவுக்கு போன் செய்து, "நாளைக்கு லீவுதானேக்கா?" என்று கேட்டேன்.

"லீவா? ஆறு மணிக்கே வரச் சொல்லி சூப்பர்வைசர் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காரு. மாடியில தண்ணி போற ஓட்டையெல்லாம் அடைச்சிருக்காம். மோட்டார் ரூம்ல தண்ணி ஏறாம பாத்துக்கணுமாம். நீ லீவா?"

"வீட்ல இருந்து வேலைக்கா."

"நல்லது. நனையாம இரு."

அவர் வழக்கமாக வேலைக்கு வரும் நேரம் காலை எட்டு. மழை வலுக்கும் முன்பே வந்துவிடட்டும் என்று அதை ஆறாக மாற்றியிருந்தார்கள். புயல் எச்சரிக்கை என் வேலை நேரத்தையும் மாற்றியது, அவர் வேலை நேரத்தையும் மாற்றியது. என்னை வீட்டுக்குள் இருத்தியது. அவரை விடியுமுன் தெருவுக்கு அனுப்பியது. எனக்கு வந்தது எழுத்து. அவருக்கு வந்தது வாய்ஸ் மெசேஜ். சம்பளத் தேதியில்தான் இந்த இரண்டாவது வித்தியாசத்தின் கனம் எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை அக்காவும் இன்னொரு பெண்ணும் போய்ச் சேர்ந்தார்கள். கண்ணகி நகரிலிருந்து வரவேண்டிய மற்ற இரண்டு பெண்களுக்கு பஸ் கிடைக்கவில்லை. மதியம் ஓ.எம்.ஆரிலும் ஈ.சி.ஆரிலும் பஸ் போக்குவரத்தைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அரசு அறிவித்தது. விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள். கண்ணகி நகர் போக ஓ.எம்.ஆரை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது. "இங்கயே தங்கிக்கோங்க" என்றார் சூப்பர்வைசர். புயல் மெதுவாக நகர்ந்து, இரவுதான் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. இரண்டு பெண்களும் பேன்ட்ரியில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தார்கள். இரவில் இரண்டு முறை எழுந்து மோட்டார் அறைத் தண்ணீரை வாரி வெளியே ஊற்றினார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல்தான் அக்கா வீடு போய்ச் சேர்ந்தார்.

நான் அன்று மின்சாரம் இல்லாமல் மூன்று மணி நேரம் சும்மா இருந்தேன். முழு நாள் சம்பளம் வந்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அவர்களுக்கு மாதச் சம்பளம் 10,400 ரூபாய். 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 400. அக்காவுக்குச் சனிக்கிழமைக்கு ஒரு நாள் போட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் முன்னால் வந்ததற்கும், இரவு வேலை செய்ததற்கும் எதுவும் இல்லை. வர முடியாத இரண்டு பெண்களுக்கும் தலா 800 ரூபாய் பிடித்திருந்தார்கள். ஒரு நாள் வராததற்கு ஏன் இரண்டு நாள் பிடித்தம் என்று கேட்டதற்கு, வார விடுமுறைக்கு முந்தைய நாள் ஆப்சென்ட் ஆனால் ஞாயிறும் சேர்த்துப் போகும், அதுதான் கான்ட்ராக்டரின் பழக்கம் என்றார்கள்.

சட்டம் படிக்கும் ஒரு தோழரோடு உட்கார்ந்து, என்ன கேட்கலாம் என்று பார்த்தோம். முதலில் நான் சொன்னது, "அரசு சொல்லியும் வரவைத்திருக்கிறார்கள், அது குற்றம்." தோழர் திருத்தினார். அரசு சொன்னது அறிவுறுத்தல், ஆணை அல்ல. அதுவும் ஐ.டி. நிறுவனங்களுக்கு. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்படி உத்தரவு போட்டால் மட்டுமே, அதை மீறுவது 51ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது.

"முந்தின வருஷம் மிக்ஜாம் புயலுக்குப் பொது விடுமுறையே விட்டார்களே?" என்று கேட்டேன். ஆம், 2023 டிசம்பர் 4 அன்று சென்னை உட்பட நான்கு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை. காவல், தீயணைப்பு, உள்ளாட்சி, பால், குடிநீர், மருத்துவமனை, மின்சாரம் போன்ற அத்தியாவசியப் பணிகளுக்கு மட்டும் விலக்கு. தனியார் அலுவலகத்தின் தரை துடைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட பொது விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்படுவது. அரசு அலுவலகமும் வங்கியும் மூடும். தனியார் முதலாளி அன்று சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் சம்பளத்தோடு கேட்கும் நாட்கள் வேறு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட ஐந்து பண்டிகை நாட்கள். புயல் அதில் இல்லை.

அரசு நினைத்தால் முடியாத காரியம் இல்லை இது. 2020 மார்ச் 29 அன்று, ஊரடங்கின்போது, இதே பேரிடர் சட்டத்தின்கீழ் ஒன்றிய உள்துறை அமைச்சகம் தொழிலாளருக்குப் பிடித்தமின்றிச் சம்பளம் தரவேண்டும் என்று உத்தரவே போட்டது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே மாதத்திலேயே அந்த உத்தரவு விலக்கப்பட்டது. கொஞ்ச நாள்தான் நின்றது என்றாலும், அப்படி எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. 'வீட்டிலிருந்து வேலை' என்று மட்டும் எழுதும் ஓர் அறிவுறுத்தல், வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை உள்ளவர்களை மட்டுமே பார்க்கிறது. துடைப்பத்தை யாரும் வீட்டிலிருந்து வீச முடியாது. அந்தத் துடைப்பம் யார் கையில் இருக்கிறது, அந்தக் கைகள் எந்தச் சேரிகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போயின என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆகவே பாதுகாப்பை விட்டுவிட்டு, சம்பளத்தைப் பிடித்தோம். அங்கே பிடி இருந்தது. வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் சம்பளம் பிடிக்கக்கூடாது என்பது சம்பளச் சட்டங்களின் அடிப்படை விதி. ஒரு நாளுக்கு இரண்டு நாள் பிடித்தது அதற்கு நேர் எதிர். கான்ட்ராக்டர் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால், அந்த மீதியைக் கட்டடத்துக்காரர், அதாவது பிரின்சிபல் எம்ப்ளாயர், கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூலிக்கவேண்டும். அன்று அமலில் இருந்த 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 21ஆம் பிரிவு, அப்படித்தான் சொன்னது. 'எங்கள் ஊழியர்கள் அல்ல' என்ற பதில் சம்பள விஷயத்தில் செல்லாது.

நான்கு பெண்களும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம், கான்ட்ராக்டருக்கும் அலுவலக நிர்வாகத்துக்கும். கூடவே எனக்கு வந்த மெயிலின் நகலை வைக்கலாமா என்று பேச்சு வந்தது. அது என்னிடமிருந்து போனது என்று தெரிந்துவிடும். இரண்டு நாள் யோசித்தேன். யோசித்ததை மறைக்க விரும்பவில்லை. அக்காதான் கேட்டார், "உன் பேரு வராம அது வேணும்னா எப்படி வரும்?" வைத்தோம்.

பத்து நாளில் பதில் வந்தது. இரண்டு பெண்களுக்கும் 800 ரூபாய் திரும்பக் கிடைத்தது. ஞாயிறு பிடித்தது தவறு, சனிக்கிழமை நிர்வாகமே அலுவலகத்தை மூடியதால் அதையும் விட்டுவிடுகிறோம் என்றார்கள். மெயிலில் 'அனைத்து ஊழியர்களுக்கும்' என்று இருந்ததுதான் வேலை செய்தது. ஆனால் அக்காவின் இரவு வேலைக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. "நாங்கள் தங்கச் சொல்லவில்லை, பாதுகாப்புக்காக அவர்களே தங்கினார்கள்" என்றார்கள். ஆறு மணிக்கு வரச் சொன்ன வாய்ஸ் மெசேஜ் அக்காவின் போனில் இல்லை. இடம் போதவில்லை என்று அவர் மகன் அழித்துவிட்டான்.

அந்த அழிந்த மெசேஜ் இரண்டு மணி நேரக் கூலியை மட்டும் கொண்டுபோகவில்லை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருப்பவர், வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் அடிபட்டால் அதுவும் வேலை விபத்துதான் என்று அன்று அமலில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 51இ பிரிவு சொன்னது. ஆனால் விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலைக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டவேண்டும். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி அதிகாலை மூன்று மணி ஷிஃப்டுக்குப் போகும்போது விபத்தில் இறந்தார். அது 2003இல். அதை வேலை விபத்தாக ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025இல். அவர் ஷிஃப்ட் மூன்று மணிக்கு என்பது அங்கே நிலைநின்றது. பதிவேட்டில் எட்டு மணி என்று இருக்க, ஐந்து மணி இருட்டில் அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதித்த ஒரு பெண்ணின் குடும்பம் என்ன காட்டும்?

அதனால் இப்போது புயல் எச்சரிக்கை வந்தால் நான் செய்யும் முதல் வேலை, எங்கள் கண்ணகி நகர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுவது. சூப்பர்வைசர் வாய்ஸில் சொன்னால், நேரத்தைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுத்தில் திருப்பி அனுப்புங்கள்: 'நாளை காலை 6 மணிக்கு வரச் சொன்னீர்கள், வருகிறேன்.' தங்கச் சொன்னால், 'இரவு தங்கச் சொன்னீர்கள், தங்குகிறேன்.' பஸ் நின்றுவிட்டால், பஸ் நிறுத்தத்தில் நின்று ஒரு போட்டோ, 'பஸ் இல்லை, வர முடியவில்லை.' மறுப்பு வராத ஒவ்வொரு வரியும் பிறகு சாட்சியாகும். அந்த மெசேஜை உடனே குழுவிலும் போட்டுவிடுங்கள். ஒரு போனில் அழிந்தாலும் இன்னொன்றில் இருக்கும்.

அலுவலகத்தில் மெயில் பெறும் இடத்தில் இருக்கும் தோழர்களுக்கு ஒன்று. 'அனைத்து ஊழியர்களுக்கும்' என்று நோட்டீஸ் வந்தால், பதில் எழுதிக் கேளுங்கள்: இதில் ஹவுஸ்கீப்பிங்கும் செக்யூரிட்டியும் உண்டா? அவர்களுக்கு என்ன நேரம், என்ன சம்பளம், எப்படித் திரும்பிப் போவார்கள்? நான் அன்று மாலை ஆறு மணிக்கு அதைக் கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு அக்காவிடம் தெரிந்துகொண்ட பிறகும் கேட்கவில்லை. சம்பளம் பிடித்த பிறகுதான் கேட்டேன்.

அக்கா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். போன மழைக்கு அவரே எனக்கு போன் செய்தார். "மெசேஜ் வந்துச்சுடா, எழுதி அனுப்பிட்டேன். ஆறு மணிக்கா, எட்டு மணிக்கான்னு கேட்டேன். எட்டுக்கே வாங்கன்னுட்டாரு."