நாலு அடியும் ஒரு ஸ்க்ரூவும்

குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டி முடிந்து, குழாய்கள் மாட்டி, வீட்டுக்காரர்கள் பால் காய்ச்சும் நாளைக் குறித்த பிறகுதான் டவல் ராடு, கொக்கி, சோப்பு டப்பா மாட்ட ஆள் வருவான். அவனுக்கு அன்றைக்கு இன்னும் மூன்று வீடு இருக்கும். “எங்க மாட்டணும் சார்?” என்று கேட்பான். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து, கையைத் தூக்கி, “இங்க” என்பார். அவர் கை எட்டும் உயரம், அவர் நிற்கும் இடம். அந்த அறையில் குளிக்கப்போகிற மற்ற மூன்று பேர் அப்போது அங்கே இருப்பதில்லை.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் வழக்கம், டிரில் மெஷினை எடுப்பதற்கு முன் “இங்கே யார் யார் குளிப்பார்கள், எப்படிக் குளிப்பார்கள்?” என்று கேட்பது. திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய ஒரு அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்கிறேன். குளியலறை 5 அடிக்கு 7 அடி. கணவன், மனைவி இருவரும் ஷவரில் நின்று குளிப்பவர்கள். பாட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து மொண்டு ஊற்றிக்கொள்பவர். தோள்பட்டை வலியால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. ஆறு வயதுப் பையன் ஒருவன்.

முதலில் டவல் ராடு. ஈரோட்டுத் துண்டோ டர்க்கி டவலோ, பெரும்பாலும் 60 அங்குல நீளம். ராடில் இரண்டாக மடித்துப் போட்டால் 30 அங்குலம் தொங்கும். ராடு 4 அடியில், அதாவது 48 அங்குலத்தில் இருந்தால் துண்டின் நுனி தரையிலிருந்து 18 அங்குலம் மேலே நிற்கும். காய்ந்த பக்கச் சுவருக்கு இது போதும். பக்கெட் குளியலில் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கும். அந்தப் பக்கச் சுவரானால் இன்னும் அரை அடி ஏற்றுவேன். இந்த வீட்டில் கதவை ஒட்டிய காய்ந்த சுவர் இருந்ததால் 4 அடியே வைத்தோம். பாட்டியின் தோள் உயரமும் ஏறக்குறைய அதுதான். கையை மேலே தூக்காமல் துண்டை உருவிக்கொள்ளலாம்.

இந்த 4 அடியை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டைல்ஸ் போடுவதற்கு முன் சுவரில் பென்சிலால் குறித்துவைத்தால், தரை எழும்பிய பிறகு அந்தக் குறி இரண்டு மூன்று அங்குலம் கீழே வந்துவிடும். அதனால் முடிந்த தரையிலிருந்துதான் அளக்க வேண்டும். குளியலறைத் தரைக்கு வாட்டம் வேறு உண்டு. ராடின் இரண்டு முனைகளையும் தனித்தனியே தரையிலிருந்து அளந்தால் தரையின் சரிவு ராடிலும் வந்துவிடும். ஒரு முனையை மட்டும் தரையிலிருந்து அளந்துவிட்டு, மறுமுனைக்கு ரசமட்டம் வைப்பேன். டைல்ஸ் கோடு நேராக இருக்கிறது என்று அதை நம்புவதும் உண்டு. அதையும் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே நம்பலாம்.

கொக்கிக்குக் கணக்கு வேறு. அதில் தொங்குவது மாற்று உடை. நைட்டி ஏறத்தாழ 54 அங்குலம் தொங்கும். கொக்கி 5 அடியில் இருந்தால் அதன் ஓரம் தரையிலிருந்து 6 அங்குலத்தில் நிற்கும், நனையாமல் இருக்காது. 5½ அடியில் வைத்தால் 12 அங்குல இடைவெளி கிடைக்கும். ஆனால் பாட்டிக்கு 5½ அடி தலைக்கு மேலே. அவருக்காக இன்னொரு கொக்கியை 4½ அடியில், ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அவர் புடவையை மடித்துப் போடுகிறவர், தரையில் படாது. பையனுக்கு 3½ அடியில் ஒன்று. அது இல்லாவிட்டால் அவன் துண்டு எப்போதும் தரையில்தான் கிடக்கும் என்று அவன் அம்மா சொன்னார்.

கொக்கி விஷயத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று உண்டு. 4½ அடிக்குச் சற்று மேலே என்பது நம் ஊர்ப் பெண்கள் பலருக்குக் கண்ணின் உயரம். 3½ அடி அந்தப் பையனின் கண்ணுக்கு நேர். ஈரத் தரை, முகத்தில் சோப்பு, கண் மூடியிருக்கிறது. திரும்பும்போது சுவரிலிருந்து இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனை. அதனால் கொக்கி என்று கேட்டாலும் நான் குமிழ் முனை உள்ளதையே வாங்கச் சொல்வேன். இடமும் கதவின் பின்னாலோ மூலையிலோதான், நடக்கும் வழியில் வைப்பதில்லை. கதவு பிவிசியாக இருந்தால் ஸ்க்ரூ உள்ளே பிடிக்காது, சில மாதத்தில் ஆடிப்போகும். நட்டு போல்ட்டை மறுபக்கம் வரை விட்டு இறுக்க வேண்டும்.

சோப்பு டப்பாவுக்கு இரண்டு உயரம் தேவைப்பட்டது. நின்று குளிப்பவருக்கு 3½ அடி, முழங்கையை மடித்தால் கை நிற்கும் இடம். ஷவருக்கு நேர் கீழே வைத்தால் சோப்பு நாள் முழுக்கக் கரையும். பக்கச் சுவரில் வைத்தோம். உட்கார்ந்து குளிக்கும் பாட்டிக்கு 2¼ அடி, அவருடைய வலது கைப் பக்கம். அது குழாய்க்கு நேர் மேலே வராமல் ஓர் அடி தள்ளி வைக்கப்பட்டது. காரணம் இரண்டு. சோப்புத் தண்ணீர் சொட்டி குழாயின் மேல் படிந்து உப்போடு சேர்ந்து இறுகிவிடும். அதைவிட முக்கியம், குழாய்க்கு மேலும் கீழும் சுவருக்குள் பைப் ஓடும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சுவர்களை அளவு டேப்போடு சேர்த்து போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்தப் பயமே வேண்டாம். இந்த வீட்டில் எடுத்திருந்தார்கள்.

துளை போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் துளைபடும் வரை மெஷினில் ஹாம்மரைப் போடக் கூடாது. மேலே ஒரு துண்டு டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. பெட்டியோடு வரும் ஸ்க்ரூ ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் இருக்கும். டைல்ஸும் அதன் பின்னாலிருக்கும் கலவையும் சேர்ந்தே அந்த அளவு வந்துவிடும். அப்படியானால் ஸ்க்ரூ செங்கல்லைத் தொடவே இல்லை. 2 அங்குல ஸ்க்ரூ போட்டு, பிளக்கை டைல்ஸைத் தாண்டி உள்ளே தள்ள வேண்டும். பிளக் டைல்ஸுக்குள்ளேயே விரிந்தால் அன்றைக்கோ அடுத்த வாரமோ மயிர்க்கோடு விழும். துளைக்குள் கொஞ்சம் சிலிக்கான் விட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்காது.

இவ்வளவு செய்தாலும் டவல் ராடு துண்டைத் தாங்கத்தான், ஆளைத் தாங்க அல்ல. வழுக்கும்போது கை முதலில் அதைத்தான் தேடும். பாட்டி ஸ்டூலிலிருந்து எழும் இடத்தில் டவல் ராடு மாட்டச் சொன்னபோது மறுத்துவிட்டு, அங்கே 2¾ அடி உயரத்தில் பிடிமானக் கம்பி போட்டோம். அது தடித்த கம்பி, ஒவ்வொரு முனையிலும் மூன்று ஸ்க்ரூ.

இனி உலோகம். கடையில் எல்லாமே எவர்சில்வர், எல்லாமே துருப்பிடிக்காது. உண்மையில் 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்ப்பார்கள். விலை குறையும், பளபளப்பு அப்படியே இருக்கும். “காந்தம் ஒட்டலை பாருங்க” என்று கடைக்காரர் காட்டுவது எதையும் நிரூபிக்காது. இரண்டு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. வளைத்த இடத்தில் 304-லேயே லேசாக ஒட்டும். காந்தம் இரும்பைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். 202-ஐக் கண்டுபிடிக்க, மாங்கனீஸ் இருந்தால் சிவக்கும் சொட்டு மருந்து ஒன்று ஸ்டீல் கடைகளில் வைத்திருப்பார்கள். பொருளின் பின்பக்கத்தில் விட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

கடலோர வீட்டில் 304 கூட முழுக்கத் தப்பாது. உப்புக்காற்று படிந்து தேநீர்க் கறை போல பழுப்புப் புள்ளிகள் வரும். மாலிப்டினம் சேர்ந்த 316 இதை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல். திருவான்மியூர் வீட்டில் ஜன்னல் கடல் பக்கம் இருந்ததால் பிடிமானக் கம்பிக்கு மட்டும் 316, மற்றதெல்லாம் 304. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்துவிடச் சொன்னேன். எந்த ரகமானாலும் பற்றவைத்த இடத்தைப் பாருங்கள். அங்கே நீலமோ கருப்போ படிந்திருந்தால் சரியாகச் சுத்தம் செய்யவில்லை, துரு அங்கேதான் தொடங்கும்.

டாய்லெட் கழுவும் ஆசிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது எவர்சில்வர் மேல் படவே வேண்டாம், கதவைச் சாத்திவைத்தால் ஆவியே போதும். இரும்பு நாரால் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டி, அந்தத் துகள் துருப்பிடித்து, பழி ஸ்டீல் மேல் விழும்.

பித்தளை செந்துரு பிடிக்காது. கறுக்கும், பச்சை பூக்கும். குரோம் பூசிய நல்ல பித்தளை குளியலறைக்கு அருமையான பொருள். ஆனால் பித்தளை என்று சொல்லிக் கொடுப்பதில் பாதி துத்தநாகக் கலவையில் வார்த்தது. கையில் எடுத்தாலே எடை குறைவாகத் தெரியும். சந்தேகமிருந்தால் பின்பக்க ஸ்க்ரூ துளையின் உள்ளே பேனாக் கத்தியால் சுரண்டுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தச் சாம்பல் பொருள்தான் பிறகு கொப்புளம் கொப்புளமாகப் பூச்சு கிளம்பி உரிவது. எப்போதும் சோப்புத் தண்ணீரில் கிடக்கும் சோப்பு டப்பாவில்தான் அது முதலில் தெரியும். பூச்சில்லாத பித்தளைக்கு மேலே வார்னிஷ் அடித்திருப்பார்கள். பூஜைப் பாத்திரத்துக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டால் வார்னிஷும் போகும், நிறமும் திட்டுத்திட்டாகிவிடும்.

“எவர்சில்வர்னு வாங்கினோம், துரு ஒழுகுது” என்று என்னை அழைக்கும் வீடுகளில் நான் முதலில் ராடைப் பார்ப்பதில்லை. கீழ்ப்பக்கம் இருக்கும் சின்ன ஆலன் ஸ்க்ரூவையும், மூடிக்குள் இருக்கும் சுவர் ஸ்க்ரூவையும் கழற்றுவேன். ராடு 304, ஸ்க்ரூ பூச்சு பூசிய இரும்பு. டைல்ஸில் செங்கோடு இழுப்பது அந்த இரும்புதான். இங்கே காந்தம் உதவும். இரும்பு ஸ்க்ரூ சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் வரும் ஸ்க்ரூவை எடுத்து வைத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் 304 ஸ்க்ரூ தனியாக வாங்கிக் கொடுங்கள். மாட்ட வருகிறவர் கொண்டுவரும் டப்பாவிலிருந்து போட விடாதீர்கள்.