பல்லிக்கும் பள்ளிக்கும் ஒரே எழுத்தா?

தமிழ் தெரியாத ஒருவருக்காகச் செய்யப்படும் சொல் அட்டவணையில் பொதுவாக நான்கு கட்டங்கள் இருக்கும். முதலில் தமிழ்ச் சொல், அடுத்தது ஆங்கிலக் கருத்து, மூன்றாவது ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு, கடைசியாக ஓர் உதாரண வாக்கியம். பார்வைக்கு இது இலகுவான வேலை. ஆனால் ஒரு சொல்லை எடுத்து நான்கு கட்டங்களையும் ஒழுங்காக நிரப்ப முயன்றால்தான், ஒவ்வொரு கட்டமும் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது விளங்கும்.

என் சாச்சியின் மகள் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவள், வயது 12. இந்த விடுமுறைக்கு 5 கிழமை எங்கள் வீட்டில் தங்க வந்தாள். உம்மம்மாவோடு தமிழில் கதைக்க வேண்டும் என்பதே அவளுடைய ஆசை. உம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, காதும் கொஞ்சம் மந்தம். பிள்ளை சொல்வதை அரைகுறையாகக் கேட்டு ஊகித்துக்கொள்ள அவரால் முடியாது. சொல் சரியாக விழ வேண்டும்.

அவள் ஓர் அட்டவணையை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். அதில் 'பல்லி' என்ற சொல்லும் 'பள்ளி' என்ற சொல்லும் இருந்தன. உச்சரிப்புக் கட்டத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான்: palli. அவள் தமிழ் எழுத்தை வாசிக்க மாட்டாள், மூன்றாவது கட்டத்தை மட்டுமே பார்ப்பாள். வந்த இரண்டாம் நாள், "மாமா எங்கே?" என்று உம்மம்மா கேட்டதற்கு, "மாமா பல்லிக்குப் போயிட்டார்" என்று பதில் சொன்னாள். உம்மம்மா சிரிக்கவில்லை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

ஆங்கிலத்தில் 'ல' ஒலிக்கு ஓர் எழுத்துத்தான் உண்டு. தமிழில் ல, ள, ழ என்று மூன்று. 'ல' சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொடும். 'ள' சொல்லும்போது நாக்கு நுனி பின்னோக்கி மடிந்து மேலண்ணத்தைத் தொடும். அட்டவணை எழுதியவர் இரண்டையும் ஒரே எழுத்தில் போட்டுவிட்டால், கற்பவருக்கு வித்தியாசம் இருப்பதே தெரியாமல் போகும்.

அவளுக்கு அது கேட்கிறதா என்று ஒரு சோதனை வைத்தோம். ஒரு தாளில் பல்லியையும் இன்னொரு தாளில் மினாராவையும் வரைந்தேன். இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி 10 தடவை சொன்னேன். அவள் என் வாயைப் பார்க்காமல் திரும்பி நின்று, கேட்ட சொல்லுக்குரிய படத்தைக் காட்ட வேண்டும். 5 சரி, 5 பிழை. இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இதே முடிவுதான் வரும். அதாவது, அவளுக்கு வித்தியாசம் கேட்கவேயில்லை. காதுக்குக் கேட்காததை நாக்கு சொல்லாது.

"ராத்தா, ரெண்டும் ஒண்டுதானே?" என்றாள். அப்போது அவளுடைய குர்ஆன் மதரஸா நினைவுக்கு வந்தது. அரபியில் ஸீன் வேறு, ஸாத் வேறு. ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஸீனை s என்றும், ஸாத்தைக் கீழே ஒரு புள்ளி வைத்து ṣ என்றும் எழுதுவார்கள். அந்தப் புள்ளி அவளுக்குப் பழக்கமானது. அதையே இங்கும் வைத்தோம். பல்லிக்கு palli, பள்ளிக்கு paḷḷi. அறிஞர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையிலும் 'ள' இப்படித்தான் வருகிறது. நம் முன்னோர் அரபுத் தமிழ் எழுதியபோதும், அரபியில் இல்லாத 'ப' போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்தில் புள்ளிகளைக் கூட்டித்தான் சமாளித்தார்கள். பிற எழுத்தில் தமிழை எழுதப்போன எல்லோருக்கும் வந்த சிக்கல் இது.

புள்ளி ஒலியைக் கற்றுத்தராது. "இங்கே நாக்கை மடி" என்று நினைவூட்டும், அவ்வளவுதான். ஒரு கிழமை தினமும் மஃரிபுக்குப் பின் அந்தச் சோதனையைச் செய்தோம். 5 ஆக இருந்தது 6 ஆகி, பிறகு 9 ஆனது.

உச்சரிப்புக் கட்டத்தால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. 'தம்பி' என்ற சொல்லைப் பாருங்கள். எழுதுவது 'பி', ஆனால் 'ம்' முன்னால் வருவதால் அழுத்தமில்லாமல் மென்மையாகச் சொல்கிறோம். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. thambi என்று எழுதினால் உடனே தெரிந்துவிடும். ஆக, தமிழ் எழுத்து காட்டாததை ஆங்கில எழுத்து காட்டுகிறது, தமிழ் எழுத்து தெளிவாகக் காட்டுவதை ஆங்கில எழுத்து மறைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கணக்குச் சரியாகும்.

அடுத்து கருத்துக் கட்டம். அவளுடைய தாளில் பள்ளிக்கு ஆங்கிலத்தில் 'பாடசாலை' என்ற கருத்தே இருந்தது. தமிழ்நாட்டில் அது சரி. நம் வீடுகளில் பாடசாலையைப் 'பள்ளிக்கூடம்' என்போம், தனியாகப் 'பள்ளி' என்றால் பள்ளிவாசல்தான். அந்தத் தாளை நம்பியிருந்தால், ஜும்ஆவுக்கு எல்லோரும் பாடசாலைக்குப் போகிறார்கள் என்று அவள் நினைத்திருப்பாள். எனவே கருத்துக் கட்டத்தில் இரண்டு கருத்துகளையும் எழுதி, எது எங்கே வழங்குகிறது என்பதையும் குறித்தோம்.

கடைசிக் கட்டம் உதாரண வாக்கியம். அச்சுத் தாளில் "இது பள்ளி", "இது பல்லி" என்று இருந்தது. 'இது' என்பதற்குப் பின்னால் எந்தப் பெயர்ச்சொல்லையும் போடலாம். "இது கதிரை" என்றாலும் சரிதான். அப்படிப்பட்ட வாக்கியத்திலிருந்து கற்பவர் எதையும் பெறுவதில்லை. நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அட்டவணையின் வேறொரு சொல்லைப் போட்டால் வாக்கியம் கெட வேண்டும். "சுவரில பல்லி ஓடுது." "அசருக்கு மாமா பள்ளிக்குப் போறார்." இவற்றில் பல்லியையும் பள்ளியையும் இடம் மாற்றிப் பார்த்தால் அவளே சிரித்துவிடுவாள்.

இந்த வாக்கியங்களில் இன்னொன்றும் கிடைக்கிறது. 'பள்ளி' என்ற சொல் மட்டும் தெரிந்தவரால் பள்ளிக்குப் போவதைச் சொல்ல முடியாது. 'பள்ளிக்கு', 'பள்ளியில' என்று சொல் மாறுவதை வாக்கியம்தான் காட்டும். வாக்கியங்களை உம்மம்மா பேசுகிற மாதிரியே எழுதினோம். 'போகிறார்' என்று பாடப்புத்தகத்தில் இருக்கும், ஆனால் அவள் காதில் விழப்போவது 'போறார்' என்பதுதானே.

ழகரம் மட்டும் எங்களைத் திண்டாட வைத்தது. பழத்தைப் பலர் pazham என்று எழுதுவார்கள். அதை வாசித்து அவள் 'பஸம்' என்றாள். உம்மம்மாவோ 'பளம்' என்றுதான் சொல்வார், நம் பேச்சில் 'ழ' பெரும்பாலும் 'ள' ஆகிவிடுகிறது. உச்சரிப்புக் கட்டத்தில் உம்மம்மா சொல்கிறபடி paḷam என்று எழுதினோம். தமிழ்ச் சொல் கட்டத்தில் 'பழம்' அப்படியே இருக்கிறது. பின்னாளில் அவள் தமிழ் எழுத்தைப் படிக்கும்போது சரியான எழுத்து அங்கே காத்திருக்கும்.

மூன்றாம் கிழமை ல, ள, ப, ம என்று சில எழுத்துகளை அடையாளம் காணத் தொடங்கினாள். அன்றிலிருந்து உச்சரிப்புக் கட்டத்தின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்து மறைத்தோம். திக்கினால் மட்டும் விலக்கிப் பார்க்கலாம் என்பது ஒப்பந்தம். போகும்போது அவளுடைய அட்டவணையில் 40 சொற்கள் இருந்தன. அவற்றில் 11 சொற்களுக்குத்தான் காகிதத்தை விலக்க வேண்டியிருந்தது.