கார்டை அழிக்கும் முன்: ஊர் சேனல் நடத்தும் தம்பிமாருக்கு



எமது பழைய மாணவர்கள் நடத்தும் யூடியூப் சேனல் அல்ஹம்துலில்லாஹ் வளர்ந்து வருகிறது. மாதம் இரண்டு பெரிய பதிவுகள், இடையில் சாதாரண தர மாணவர்களுக்கான பாடங்கள். பக்கத்து ஊர்களிலும் இப்படி ஆரம்பித்திருக்கிறார்கள். கெமரா, மைக் பற்றிக் கேட்பவர்கள் பலர். எடுத்த பதிவை எங்கே, எப்படி வைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பிமார் ஒரு முதியவரைப் பேட்டி எடுத்தார்கள். கடற்தொழில், பழைய ஊர், 2004 சுனாமி என்று இரண்டு மணித்தியாலம் பேசினார். சேனலில் வந்தது 11 நிமிடம். சில மாதங்களில் அவர் வபாத்தானார். மகன் வந்து கேட்டது அந்த 11 நிமிடத்தை அல்ல. "வாப்பா பேசின முழுதும் இருக்கா?" என்றுதான். இருந்தது. கொடுத்தார்கள். அது எப்படி இருந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

கெமரா 50 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 22 ஜீபீ வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு 45. 64 ஜீபீ கார்ட் ஒன்றில் பெரும்பகுதி நிரம்பிவிடும். அடுத்த நாள் வேறு பதிவு இருந்தால் கார்டை அழித்துத்தான் ஆக வேண்டும். ஆபத்தான நேரம் இதுதான். தம்பிமாரின் சட்டம் ஒன்றே ஒன்று: பதிவு இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் இருந்து, இரண்டும் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் கார்ட் அழிக்கப்படும். ஒரே டிஸ்க்கில் இரண்டு போல்டர் இருந்தால் அது இரண்டு பிரதி அல்ல. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கொப்பி செய்யும்போது வீடியோ கோப்புகளை மட்டும் தேடி எடுக்காமல், கார்டில் உள்ள எல்லாப் போல்டர்களையும் அப்படியே எடுங்கள். நீளமான பதிவைச் சில கெமராக்கள் பல துண்டுகளாக வெட்டி வைக்கும். துண்டுகளை இணைக்கும் விபரம் பக்கத்துப் போல்டரில் சிறு கோப்பாக இருக்கலாம். இன்னொன்று, பல கெமராக்கள் கார்டை அழித்ததும் மறுபடி C0001.MP4 என்றே எண்ணத் தொடங்கும். இரண்டு கார்டை ஒரே போல்டரில் கொட்டினால் கணனி "Replace" செய்யவா என்று கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அழுத்தினால் முதல் கார்டின் பதிவு போய்விடும். ஆகவே கார்டுக்கு ஒரு போல்டர் வேண்டும்.

அடுத்தது சரிபார்ப்பு. போல்டரின் அளவும் கோப்புகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பது நல்ல அறிகுறிதான், ஆனால் போதாது. உள்ளே பழுதான கோப்பும் அதே அளவில் இருக்கலாம். TeraCopy போன்ற மென்பொருளில் Verify என்பதைப் போட்டு விட்டால், கொப்பி முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் மறுபடி வாசித்து ஒப்பிடும். 45 ஜீபீயைச் சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு நீல நிற யூஎஸ்பி துளை வழியாக அனுப்ப எட்டுப் பத்து நிமிடம். பழைய துளை என்றால் அரை மணித்தியாலம் வரை போகும். சரிபார்ப்பு அந்த நேரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். இஷாவுக்குப் போகும் முன் போட்டுவிட்டால் வரும்போது முடிந்திருக்கும்.

அந்தப் பேட்டியின் போல்டர் இப்படி இருந்தது:

```
2024-06-15_KADAL_THOLIL
  01_RAW
    CAM_A_CARD1
    PHONE_B
    AUDIO
  02_PROJECT
  03_ASSETS
  04_EXPORT
```

திகதியை வருடம், மாதம், நாள் என்று எழுதினால் கணனி தானாகவே கால வரிசையில் அடுக்கும். `01_RAW` உள்ளே எதையும் பெயர் மாற்றுவதில்லை, அழிப்பதில்லை, வெட்டுவதில்லை. இசை, லோகோ, படம், எழுத்துரு எல்லாம் `03_ASSETS` க்குள்.

ஏன் எல்லாம் ஒரே போல்டருக்குள்? எடிட் செய்யும் மென்பொருளின் புரொஜெக்ட் கோப்புக்குள் வீடியோ இல்லை. எந்த வீடியோ எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கிறது. டெஸ்க்டொப்பில் கிடந்த ஒரு படத்தை இழுத்துப் போட்டு எடிட் செய்துவிட்டுப் பிறகு அந்தப் படத்தை அழித்தால், அடுத்த முறை திரையில் "Media Offline" என்று வரும். எழுத்துருவும் அப்படியே. பாமினியில் தலைப்பு எழுதிய புரொஜெக்டை பாமினி இல்லாத கணனியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும்.

டாவின்சி ரிசோல்வ் பாவிப்பவர்கள் இதை விசேடமாகக் கவனியுங்கள். அது புரொஜெக்டை உங்கள் போல்டரில் வைப்பதில்லை, தன்னுடைய தரவுத்தளத்தில் வைக்கிறது. போல்டர் முழுவதையும் கொப்பி செய்தாலும் எடிட் அதில் இருக்காது. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் `File > Export Project` கொடுத்து, வரும் .drp கோப்பை `02_PROJECT` க்குள் போடுங்கள். மிகச் சிறிய கோப்பு, ஆனால் பல நாள் உழைப்பு அதற்குள் இருக்கிறது.

"யூடியூபில்தான் இருக்கே சேர்" என்று சிலர் சொல்வார்கள். யூடியூபில் இருப்பது வெட்டி முடித்த 11 நிமிடம் மட்டும். உங்கள் வீடியோவை ஸ்டூடியோவிலிருந்து நீங்களே இறக்கினாலும் அதிகபட்சம் 720p தான் கிடைக்கும். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் போய்ச் சேரும். கூகுளின் இலவச இடம் 15 ஜீபீ. ஒரு பேட்டியின் மூன்றில் ஒரு பங்கு அது. எனவே இணையத்தில் புரொஜெக்ட் கோப்பு, ஒலி, முடித்த வீடியோ இவற்றை மட்டும் ஏற்றுகிறார்கள். அதிலும் ஒரு எச்சரிக்கை: கணனிப் போல்டரும் இணையமும் தானாக ஒத்திசையும்படி வைத்திருந்தால், இங்கே தவறி அழிப்பது அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் மட்டுமே இருக்கும்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே அலுமாரியில் இருந்தால்? சுனாமி வந்த ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எத்தனை வீடுகளில் கல்யாணப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது நமக்குத் தெரியும். அன்று படச்சுருளும் அல்பமும் ஒரே வீட்டில் இருந்தன. இப்போது தம்பிமார் ஒரு டிஸ்க்கை எடிட் செய்யும் அறையிலும் மற்றதைக் கடற்கரையிலிருந்து தள்ளி உள்ள உறவினர் வீட்டிலும் வைக்கிறார்கள். பதிவு நடந்த நாளில் அது வரும், கொப்பி முடிந்து சரிபார்த்ததும் திரும்பிப் போகும். போகும்வரை கார்ட் அழிக்கப்படாது. எடிட் நடக்கும் நாட்களில் புதிதாகச் சேரும் வேலை இணையப் பிரதியில் இருக்கும். வீடியோ வெளியானதும் டிஸ்க் மறுபடி வந்து முழுப் போல்டரையும் வாங்கிச் செல்லும்.

1 டீபீ டிஸ்க்கில் இப்படி இருபது பேட்டி வரை அடங்கும். மாதம் இரண்டு என்றால் பத்து மாதம். டிஸ்க் வாங்கும்போது சோடியாகத்தான் வாங்க வேண்டும். பட்ஜெட்டை அப்படியே போடுங்கள். டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டாலோ, கொப்பி வேகம் காரணமின்றி அடிக்கடி விழுந்தாலோ அதில் மேலும் எழுத வேண்டாம். மற்றப் பிரதியிலிருந்து அன்றே புதிய டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தம்பிமார் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். முதல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, தூர வீட்டு டிஸ்க்கிலிருந்து மட்டும், வேறொரு கணனியில், பழைய புரொஜெக்ட் ஒன்றைத் திறப்பது. முதலில் பழைய முகவரியைத் தேடும், புதிய இடத்தைக் காட்டிவிட வேண்டும். அதன் பிறகும் ஏதாவது "Offline" என்று வந்தால் அது போல்டருக்கு வெளியே கிடந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் டிஸ்க் நல்லாயிருக்கும்போதே கண்டுபிடித்துச் சேர்த்துவிடலாம்.

நம்மை நம்பி ஒருவர் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து பேசினால் அந்தப் பேச்சு நம்மிடம் ஓர் அமானிதம். சேனல் நடத்தும் தம்பிமார் இந்த வெள்ளிக்கிழமை அந்தப் பரீட்சையை ஒரு தடவை செய்து பாருங்கள். ஒரு புரொஜெக்ட் போதும்.