அந்த ‘லும்’ எதற்கு?

சென்ற மாதம் நான் எழுதிய மூன்று சொற்களுக்காக ஒரு தோழி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மொழியியல் படித்தவர்களுக்கு இது நேர வேண்டிய தண்டனைதான் என்று மற்ற நண்பர்கள் சிரித்தார்கள். அந்த மூன்று சொற்களைப் பற்றியே இந்தப் பதிவு.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நால்வர். ஞாயிறு காலைகளில் மும்பையின் ஏதாவது ஒரு பகுதிக்குப் போய்த் தெருவில் நின்று சாப்பிடுவோம். ஒருவர் படம் எடுக்க, நால்வரும் ஆளுக்கொரு படக்குறிப்பு எழுத வேண்டும். ஐந்து சொற்களுக்கு மேல் கூடாது. ‘சுவையான’, ‘அருமையான’ போன்ற அடைகளுக்குத் தடை. படத்தில் கண்ணுக்குத் தெரிவதைத் திரும்பச் சொல்லவும் கூடாது. வென்றவரைத் தீர்மானிக்க எளிய வழி ஒன்று வைத்திருந்தோம். பார்ப்பவர் ‘சூப்பர்’ என்று எழுதினால் குறிப்பு தோற்றது, ‘எங்கே?’ என்று கேட்டால் வென்றது. பாராட்டுபவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். ‘எங்கே?’ என்பவர் மனத்தளவில் செருப்பை மாட்டிவிட்டார்.

செம்பூர் முகாமில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியமர்ந்த பகுதி அது. அங்கே காலை உணவு தால் பக்வான். மைதா மாவை மெல்லியதாகத் தேய்த்து, உப்பிவிடாதபடி ஆங்காங்கே குத்தி, முறுகப் பொரித்தது பக்வான். அதனுடன் குழைய வெந்த கடலைப்பருப்பு, புளிச்சட்னி, பச்சைச் சட்னி, பொடியாக அரிந்த வெங்காயம். பக்வானை உடைக்கும் நொடியில் படம் எடுத்தோம். நான் ‘மொறுமொறு பக்வான், குழைகுழைப் பருப்பு’ என்று எழுதினேன். இரட்டைக்கிளவி இரண்டு முறை வந்த பெருமிதம் வேறு. கிடைத்தவை எல்லாம் ‘சூப்பர்’கள். இன்னொரு நண்பர் எழுதியது இரண்டே சொற்கள்: ‘சத்தம் கேட்டதா?’ அதற்குத்தான் ‘எங்கே?’ வந்தது.

ரோலான் பார்த் 1964இல் எழுதிய படங்களின் அணியியல் பற்றிய கட்டுரையில், படத்துக்கும் சொல்லுக்கும் இருக்கக்கூடிய இரண்டு உறவுகளைப் பேசுகிறார். ஒன்று நங்கூரம்: படம் தரக்கூடிய பல பொருள்களில் ஒன்றைச் சொல் பிடித்து நிறுத்துகிறது. மற்றது கைமாற்று: படம் தராத ஒன்றைச் சொல் தருகிறது, இரண்டும் சேர்ந்தே பொருள் முழுமையாகிறது. என்னுடைய குறிப்பு நங்கூரம். மொறுமொறுப்பு படத்திலேயே தெரிந்ததால் அந்த நங்கூரமும் வீண். நண்பருடையது கைமாற்று. படத்தால் ஒலியைத் தர முடியாது. ‘கேட்டதா?’ என்ற வினாவோ, சத்தம் ஒன்று எழுந்தது என்பதை முன்கூட்டியே ஏற்கச் செய்துவிடுகிறது. கேட்டது, கேட்கவில்லை என எந்த விடை சொல்வதானாலும், படிப்பவர் அந்தப் பக்வானைத் தன் காதுக்குள் ஒருமுறை உடைத்துப் பார்த்தாக வேண்டும்.

மாட்டுங்காவிலும் இதே கதைதான். ஞாயிறன்று கிங்ஸ் சர்க்கிள் அருகிலுள்ள கஃபே மெட்ராஸ் வாசலில், நடைபாதையில் காத்திருந்தபோது உள்ளே வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்த தோசையைப் படம் எடுத்தோம். குறிப்பு: ‘இது எங்களுடையது அன்று.’ தோசையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

இப்போது தாராவி. அன்றைக்கு எங்களை அழைத்துப்போனவர் அங்கேயே பிறந்து வளர்ந்த தோழி. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவருடைய அம்மா இட்லி அவித்து விற்பனையாளர்களுக்குக் கொடுப்பவர். பகலில் ஊறவைத்து மாலையில் ஆட்டிய மாவு, விடியுமுன் துணி விரித்த தட்டுகளில் ஏறிவிடும். வெளிச்சம் வருவதற்குள் அலுமினியப் பாத்திரங்கள் சைக்கிள்களில் கட்டப்பட்டு மாட்டுங்கா, சயான் பக்கம் கிளம்பும். மும்பைத் தெருக்களில் காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் இட்லிக்காரரை இங்கே பலருக்கும் தெரியும். அந்தப் பாத்திரம் எந்த வீட்டில் நிரம்பியது என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

தட்டைத் திறந்தபோது எழுந்த ஆவி கைபேசியின் கண்ணாடியில் படிந்து, படம் பாதி மங்கலாக வந்தது. எங்கள் படங்களிலேயே சிறந்தது அதுதான். நான் எழுதினேன்: ‘தாராவியிலும் இப்படியோர் இட்லி!’

தோழி படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. “அந்த ‘லும்’ எதுக்கு?”

நான் நினைத்தது எச்சவும்மை. மாட்டுங்காவில் கிடைக்கிறது, செம்பூரில் கிடைக்கிறது, தாராவியிலும் கிடைக்கிறது. சொல்லாமல் விட்ட பெயர்களை உம்மை தழுவிக்கொள்ளும் என்று நம்பினேன். ஆனால் உம்மைக்குப் பொருள் ஒன்றன்று. தொல்காப்பியமும் நன்னூலும் எட்டுப் பொருள்களை எண்ணிச் சொல்கின்றன. அவற்றில் சிறப்பும் ஒன்று. அதை உரைகாரர்கள் உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு என்று பிரிப்பார்கள். ‘இவ்வளவு தாழ்ந்த இடத்தில்கூட’ என்பது இழிவு சிறப்பு. தோழியின் காதில் விழுந்தது அதுதான். வடிவத்தில் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. எது என்று தீர்மானிப்பது அந்தப் பெயரைப் பற்றிக் கேட்பவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணம். ‘மாட்டுங்காவிலும் நல்ல இட்லி’ என்றால் யாருக்கும் உறுத்தாது. தாராவி என்ற பெயரோடு அதே இடைச்சொல் சேர்ந்தால், ஊர் அந்தப் பெயர்மேல் ஏற்றி வைத்திருக்கும் அத்தனையும் கூடவே ஏறிக்கொள்கிறது. போதாக்குறைக்கு ‘இப்படியோர்’ என்ற வியப்பையும் நானே சேர்த்திருந்தேன். எதிர்பாராத இடத்தில்தான் வியப்பு வரும்.

இழிவு சிறப்புக்கு உரைநூல்கள் வழக்கமாகத் தரும் சான்றில் அந்த உம்மை ஒரு சாதிப் பெயரோடு ஒட்டி நிற்கிறது. முதுகலையில் அதை மனப்பாடம் செய்து தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அப்போது உறுத்தவில்லை. இரண்டு நாள் பேச்சில்லாமல் இருந்தபோதுதான் அந்தச் சான்று நினைவுக்கு வந்தது.

குறிப்பில் பத்து வாக்கியம் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. அடுத்த வாக்கியம் முந்தையதைத் திருத்திவிடும். மூன்று சொல்லில் எழுதும்போது மீதியைப் படிப்பவர் இட்டு நிரப்புகிறார். பக்வானின் சத்தத்தை நிரப்பியதும் அவர்தான், தாராவியின் இழிவை நிரப்புவதும் அவர்தான். நான் இடத்தை மட்டும் காலியாக விட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படித் தோழியிடம் சொல்லியும் பார்த்தேன். “காலி இடத்த எங்க விடணும்னு தெரிஞ்சிருக்கணும்ல?” என்றார்.

மூன்றாம் நாள் அவரே அந்தப் படத்துக்கு வேறு குறிப்பு எழுதி அனுப்பினார்:

‘நேற்று மாட்டுங்காவில் வாங்கியதும் இதுதான்.’

உம்மையை அவர் நீக்கவில்லை, இடம் மாற்றியிருந்தார். அது இப்போது தாராவியை விட்டு, வாங்குபவரின் செயலில் ஒட்டிக்கொண்டது. வியப்பு இட்லியின்மேல் இல்லை. தன் காலைத் தட்டு எங்கிருந்து வந்தது என்று அறியாத வாசகர்மேல் இருக்கிறது. இட்லி எப்படிப்பட்டது என்று ஒரு சொல்லும் சொல்லாமலே, அதை ஏற்கெனவே தின்று ரசித்தவராக அவரை ஆக்கிவிட்டது அந்த வரி.

பழைய குறிப்பை அழித்துவிட்டு இதைப் போட்டோம். மாட்டுங்காவில் இருக்கும் ஒருவர் சற்று நேரம் கழித்து எழுதினார்: ‘எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருவார்?’ எங்கள் விதிப்படி ‘எங்கே?’ என்று கேட்டால்தான் வெற்றி. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நால்வருக்குள்ளும் இன்னும் வழக்கு நடக்கிறது.